மூன்று எண்ணை வைத்து மூட்டைக் கணக்குச் சொல்ல முடியாது

நாற்று தயாராகி, ஆற்றில் தண்ணீர் வரும் வாரத்தில் டெல்டாவின் உரக்கடைகளில் அடிக்கடி நடக்கும் காரியம் இது. விவசாயி மண் பரிசோதனை அறிக்கையைச் செல்போனில் திறக்கிறார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்று வரி மட்டும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடைக்காரருக்கோ விவரம் தெரிந்த உறவினருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "அண்ணே, இதைப் பார்த்து ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு சொல்லுங்க." ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது: யூரியா இவ்வளவு, டிஏபி இவ்வளவு, பொட்டாஷ் இவ்வளவு. இரண்டு பக்கமும் திருப்தி. மண்ணைப் பார்த்துத்தான் உரம் போடுகிறோம் என்ற நம்பிக்கையோடு வண்டி கிளம்புகிறது.

உரம் என்றால் இந்த மூன்று சத்துதான், மூன்றுக்கும் எண் இருக்கிறது, எண் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அந்த மூன்று எண்ணை மட்டும் வைத்து உர அளவைச் சொல்ல முடியாது. சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், படத்தில் இல்லாததைத் தன் ஊகத்தால் நிரப்பித்தான் சொல்கிறார். அந்த ஊகம் தப்பினால் இழப்பு விவசாயிக்கு.

முதலில் மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் P என்ற எழுத்துக்கு எதிரே 12 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை என்றோ நாற்பது என்றோ இருந்தாலும் பிரச்சினை இதுதான்: பன்னிரண்டு என்ன? படத்தை வெட்டும்போது அலகு இருக்கும் கட்டம் பெரும்பாலும் வெளியே போய்விடுகிறது. நம் ஆய்வகங்கள் வழக்கமாக ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று எழுதுகின்றன. தனியார் ஆய்வகம் பிபிஎம் என்று, அதாவது ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதலாம். சில அறிக்கைகளில் மணிச்சத்தைத் தனிமமான பாஸ்பரஸாகக் குறிப்பார்கள். சிலவற்றில் உர மூட்டையில் அச்சிடுவதுபோல் பாஸ்பரஸ் ஆக்சைடாக, P2O5 என்று குறிப்பார்கள்.

அந்த 12 ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் பாஸ்பரஸ் என்றால், ஓல்சன் முறையில் 11 முதல் 22 வரை நடுத்தரம் என்பதால் மண் நடுத்தரம். அதே 12 பிபிஎம் என்றால் கதை வேறு. ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 22.4 லட்சம் கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறோம். எனவே பிபிஎம்மை 2.24-ஆல் பெருக்க வேண்டும். 12 பிபிஎம் கிட்டத்தட்ட 27 கிலோ ஆகிறது. மண் அதிக வகை. அதே 12 ஆக்சைடுக் கணக்கு என்றால் 2.29-ஆல் வகுக்க வேண்டும். 5 கிலோ சொச்சம்தான் மிஞ்சும். மண் குறைந்த வகை. ஒரே எண், ஒரே வயல். குறைவு, நடுத்தரம், அதிகம் ஆகிய மூன்றும் அந்த எண்ணுக்குள் அடங்குகின்றன. டிஏபி ஏக்கருக்கு 33 கிலோவா, 44 கிலோவா, 55 கிலோவா என்பது அங்கேதான் முடிவாகிறது. படம் பார்த்துச் சொன்னவர் எந்த அலகில் படித்தார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதை யோசித்தே இருக்கமாட்டார்.

எந்த முறையில் சோதித்தார்கள் என்பதும் படத்தில் இருக்காது. ஓல்சன் முறை நடுநிலை மண்ணுக்கும் காரப் பக்கம் சாய்ந்த மண்ணுக்கும் உரியது. அமில மண்ணுக்குப் பிரே முறை. ஒன்றுக்கான வரம்பை மற்றொன்றின் எண்ணுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது. நீலகிரித் தேயிலை மண்ணின் அறிக்கையையும் தஞ்சை நெல் வயலின் அறிக்கையையும் ஒரே அட்டவணையில் வைத்துப் படிப்பவர் இந்தப் பிழையைத்தான் செய்கிறார்.

தழைச்சத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழம். அறிக்கையில் "கிடைக்கும் தழைச்சத்து 215" என்று பார்த்ததும், மண்ணில் 215 கிலோ தழைச்சத்து பயிர் எடுக்கத் தயாராகக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நெல்லுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, மண்ணிலேயே 215 இருக்கிறது, ஆகவே யூரியாவே வேண்டாம் என்று கழித்துக் கணக்குப் போடுவார்கள். அல்லது 280-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று அட்டவணை சொல்வதைப் பிடித்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் இரண்டு மூட்டை கூட்டிவிடுவார்கள். இரண்டுமே எண்ணின் தன்மை தெரியாமல் வருகிற முடிவு.

நம் ஆய்வகங்களில் இந்த எண் எப்படி வருகிறது? மண்ணைக் காரக் கலவையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு சூடாக்கி, அதில் எளிதில் சிதையக்கூடிய கரிமப் பொருளிலிருந்து வெளிவரும் அம்மோனியாவை அளக்கிறார்கள். சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் வெளியிட்ட முறை இது. சில ஆய்வகங்கள் இதையும் செய்வதில்லை. அங்ககக் கரிமத்தை மட்டும் அளந்து, அதை வைத்தே தழைச்சத்தை வகைப்படுத்திவிடுகின்றன. எப்படிச் செய்தாலும் கிடைப்பது ஒரு குறியீடு. மண் எந்த அளவுக்குத் தழைச்சத்தை விடுவிக்கக்கூடியது என்று மண்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் எண் அது. அதில் ஒரு பகுதியைத்தான் பயிர் ஒரு பருவத்தில் எடுக்கும். எவ்வளவு எடுக்கும் என்பது வெயில், தண்ணீர் நின்ற நாட்கள், முந்தின பயிரின் தாள், மடக்கி உழுத தக்கைப்பூண்டு இவற்றைப் பொறுத்தது. நெல் வயலில் தண்ணீர் கட்டுவதும் வடிவதும் மாறி மாறி நடக்கும்போது தழைச்சத்து காற்றோடும் நீரோடும் போகும். கோடையில் எடுத்த மண்ணின் எண் ஐப்பசி மழையில் நிற்கும் பயிருக்குச் சாட்சி சொல்லாது.

அதனால்தான் தழைச்சத்தில் நாள்பட்ட அனுபவம் உள்ளவர்கள் பயிரையே கேட்கிறார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சொல்லும் இலை வண்ண அட்டை முறை அப்படிப்பட்டது. நடவு வயலில் 14-ஆம் நாளிலிருந்து கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை, மேலிருந்து மூன்றாவதாக முழுதும் விரிந்த இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். நேர் வெயில் இலையில் படாமல் உடம்பு நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். வெயிலில் இலை வெளிறித் தெரியும். பத்து இலையில் ஆறோ அதற்கு மேலோ உரிய நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. குறுவையில் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பாவில் 30 கிலோ. வெள்ளைப் பொன்னிக்குப் படம் பார்த்து யூரியாவைக் கூட்டியவர்கள், பயிர் கருகருவென்று வளர்ந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பால் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிறார்கள். இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் புகையானும் அந்தக் கரும்பச்சையைத் தேடித்தான் வருகின்றன.

இனி, படத்திலிருந்து வெட்டி எறியப்பட்ட வரிகள். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் 12 அளவீடுகள். தழை, மணி, சாம்பல் போக, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். ஒன்பது வரிகளை மறைத்துவிட்டு மூன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். அந்த ஒன்பதில் முதலில் படிக்க வேண்டியது கார அமில நிலை. அது 8.5-ஐத் தாண்டினால் மண் களர்ப்பாங்கானது. போட்ட யூரியாவில் கணிசமான பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிப் போகும். துத்தநாகம் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட வயலில் மணிச்சத்து குறைவு என்ற ஒற்றை வரியைப் பார்த்து டிஏபியைக் கூட்டினால் துத்தநாகப் பற்றாக்குறை இன்னும் கடுமையாகும். நட்ட மூன்றாம் வாரத்தில் இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளி விழுந்து, பயிர் வளராமல் குட்டையாக நிற்கும். விவசாயி அதைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து மறுபடியும் யூரியா வீசுவார். அந்த வயலுக்கு வேண்டியது ஜிப்சமும் வடிகாலும் துத்தநாக சல்பேட்டும். அதைச் சொல்லியிருக்கக்கூடிய வரி அறிக்கையிலேயே இருந்தது, படத்தில்தான் இல்லை.

உப்பின் நிலையும் அப்படியே. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோர வயல்களில் உப்பு ஏறியிருக்கும்போது, சாம்பல்சத்து குறைவு என்று மியூரியேட் ஆஃப் பொட்டாஷை ஒரே தடவையில் அள்ளிப் போட்டால் குளோரைடும் சேர்ந்து இறங்கும். அங்கே எவ்வளவு என்பதைவிட எந்த உரம், எத்தனை தடவையாக என்பதுதான் முதல் கேள்வி.

படத்தில் இருக்கும் எண் உண்மையில் யாருடைய வயலின் எண் என்பதும் நியாயமான கேள்வியே. மண் வள அட்டைத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் பிரித்து மண் எடுத்தார்கள். ஆறு ஏக்கருக்கு மேல் உள்ள ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேர் நிலம் இருந்தால் பத்து அட்டையிலும் அதே எண்தான். ஒருவர் பத்து வருடமாகத் தொழுஉரம் போட்டவராக இருக்கலாம், பக்கத்து வரப்புக்காரர் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவராக இருக்கலாம். கட்டத்தின் சராசரி இருவருக்கும் பொருந்தாது. நாமே மண் எடுத்துக் கொடுத்தாலும், வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம் இவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் வெட்டி, கலந்து பிரித்து அரைக் கிலோ எடுத்தோமா என்பதைப் படம் சொல்லாது. மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் ஒரே இடத்தில் கிளறி எடுத்த மண்ணுக்கும் ஆய்வகம் இரண்டு தசமத்துக்குச் சுத்தமாக எண் கொடுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. "எதுவும் பார்க்காமல் போடுவதைவிட மூன்று எண்ணையாவது பார்த்துப் போடுவது மேலில்லையா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதுவும் பார்க்காதவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: பல ஆண்டு வயல் சோதனைகளிலிருந்து வந்த பொதுப் பரிந்துரை. வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்கள் நீங்கலாக, டெல்டாவின் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150:50:50. அது எந்த வயலுக்கும் மிகச் சரியாக இராது. எந்த வயலையும் பெரிதாகக் கெடுக்கவும் செய்யாது. அலகு தெரியாத எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பரிந்துரையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து. கையில் மூன்று எண் மட்டும் இருந்து, முழு அறிக்கை கிடைக்கவே வழியில்லை என்றால், அந்த எண்களை ஒதுக்கிவிட்டுப் பொதுப் பரிந்துரையைப் போடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

"விவசாயிக்கு அவ்வளவு நேரம் ஏது?" என்பது இன்னொரு வாதம். முழு அறிக்கையும் அதே போனில், அதே பக்கத்தில், விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினால் வருகிறது. மண் வள அட்டையின் கீழ்ப்பகுதியில் பயிர்வாரியாக உரப் பரிந்துரையே அச்சாகியிருக்கும். விடையை வெட்டிப்போட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் ஊராருக்கு அனுப்புவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகாது.

முழு அறிக்கை இருந்தால் கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு ஏக்கருக்குப் பார்ப்போம். டெல்டாவில் குறுவை நெல், வெள்ளைப் பொன்னி அல்லாத குறுகிய கால ரகம். கார அமில நிலை 7.6, உப்புப் பிரச்சினை இல்லை. தழைச்சத்து 215, மணிச்சத்து பாஸ்பரஸாக 12, சாம்பல்சத்து பொட்டாசியமாக 290. மூன்றும் ஹெக்டேருக்குக் கிலோ. துத்தநாகம் 0.5 பிபிஎம். இந்த அறிக்கையில் தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து 280-ஐத் தாண்டியதால் அதிகம், துத்தநாகம் பற்றாக்குறை. குறைவானால் பரிந்துரையில் கால் பங்கு கூட்டு, அதிகமானால் கால் பங்கு குறை என்பது பரவலாகப் பின்பற்றும் விதி. அதன்படி ஹெக்டேருக்குத் தழை 187.5, மணி 50, சாம்பல் 37.5. ஏக்கருக்கு மாற்ற 2.47-ஆல் வகுத்தால் 76, 20, 15 கிலோ.

இவை சத்தின் கிலோ, உரத்தின் கிலோ அல்ல. இங்கே இடறுபவர்கள் ஏராளம்: 76 கிலோ தழைச்சத்து என்பதை 76 கிலோ யூரியா என்று எடுத்துக்கொண்டால் தேவையில் பாதிகூடப் போகாது. டிஏபியில் மணிச்சத்து 46 சதம், எனவே 20 கிலோவுக்கு 44 கிலோ டிஏபி. அதிலேயே 18 சதம் தழைச்சத்தும் இருப்பதால் 8 கிலோ தழை சேர்ந்து வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் விடுவது வாட்ஸ்அப் கணக்குகளின் வழக்கமான பிழை. பொட்டாஷ் 60 சதம், 25 கிலோ போதும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும்; டிஏபியோடு கலக்கக் கூடாது. தழைச்சத்தில் கால் பங்கு, அதாவது 19 கிலோ அடியுரம். டிஏபி தந்த 8 போக 11 கிலோவுக்கு 24 கிலோ யூரியா. மீதி யூரியாவை முன்கூட்டி வாங்கி அடுக்க வேண்டியதில்லை. இலை வண்ண அட்டை கேட்கும்போது ஏக்கருக்கு 31 கிலோ, தடவைக்குத் தடவை. நான்கு தடவை கேட்டால் கணக்கு முழுமையாகும். தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் அட்டை மூன்றாவதோடு நின்றுவிடலாம். அப்படி நின்றால் அந்த யூரியா மிச்சம், அட்டவணை 187.5 என்று சொன்னதே என்று வயலில் கொட்ட வேண்டாம்.

இந்தக் கணக்கில் பயிரும் பருவமும் ரகமும் இல்லாமல் ஒரு படிகூட நகர முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே அறிக்கை, அதே வயல், ஆனால் நிலக்கடலை என்றால் வேர் முடிச்சில் தானே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் பயிருக்கு நெல்லுக்குப் போடுவதில் சிறு பங்கு போதும். எவ்வளவு விளைச்சலை எதிர்பார்க்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறை பல பத்தாண்டுகளாக மண் தொடர்வாரியாக உருவாக்கி வரும் விளைச்சல் இலக்குச் சமன்பாடுகள் எதிர்பார்க்கும் விளைச்சலில்தான் தொடங்குகின்றன. மண் தருவதும் தொழுஉரம் தருவதும் அதிலிருந்து கழிகின்றன. மண் எண் அங்கே கழிக்கப்படும் ஒரு பகுதி மட்டுமே, அதுவும் அந்தந்த மண்ணுக்குக் கண்டறிந்த விகிதத்தில். படத்தில் மண் எண் மட்டும் இருக்கிறது; விளைச்சல் இலக்கும் விகிதமும் இல்லை.

உரக்கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று வரிப் படம் வந்தால் மூட்டைக் கணக்குச் சொல்லாதீர்கள். முழுப் பக்கத்தையும் கேளுங்கள். எந்தப் பயிர், எந்த ரகம், எந்த வயல் என்றும் கேளுங்கள். ஆய்வகங்கள் அலகையும் சோதனை முறையையும் தலைப்பில் ஒருமுறை போட்டுவிட்டு விடாமல், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அச்சிட வேண்டும். அப்போது எப்படி வெட்டினாலும் அவை எண்ணோடு போகும். இதைப் படிக்கும் விவசாயிகளே, உங்கள் போனில் அந்த மூன்று வரிப் படம் இருந்தால் அதை அழித்துவிட்டு முழு அறிக்கையையும் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். அதில் கார அமில நிலை வரியை முதலில் படியுங்கள். அறிக்கையே கிடைக்கவில்லை என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். உங்கள் வயலுக்குத் தனியாக மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.